முதலுதவிப் பெட்டியில் எது வெளியே, எது உள்ளே

*வீட்டு முதலுதவிப் பெட்டியை மாதம் ஒருமுறை சரிபார்க்கச் சொல்கிறார்கள். திறந்தால் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. தேதி முடிந்து மூன்று மாதமான, காயத்துக்கு வைக்கும் காஸ் துணி பாக்கெட்டுகள், பாதி பாரசிட்டமால் சிரப், நாலே மாத்திரை மிஞ்சிய அட்டை, பாதி அயோடின், ஓ.ஆர்.எஸ் பொட்டலம் இரண்டு, ஒரு பிளாஸ்திரி டப்பா, மாமியாருடைய உபரி இன்ஹேலர் எல்லாம் கிடக்கின்றன. வீட்டில் 14 கிலோ எடையுள்ள குழந்தை இருக்கிறது. எதைத் தூக்கிப் போடுவது, எதை வாங்கி வைப்பது? நிஜமாகவே மாதாமாதம் பார்க்க வேண்டுமா?*

பெட்டியை அப்படியே கவிழ்த்து, உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு சுத்தமான துணிமேல் பரப்புங்கள். மேலாகப் பார்த்துவிட்டு மூடினால் எந்தப் பெட்டியும் நிறைந்துதான் தெரியும். அடிக்கடி வேண்டியவை முதலில் தீர்ந்துவிடும், யாருக்கும் வேண்டாதவை தங்கிவிடும், இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது அவைதான். உங்கள் பிளாஸ்திரி டப்பாவையே எண்ணிப் பாருங்கள். விரலுக்குப் போடும் நடுத்தர அளவு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பருவுக்கு ஒட்டுகிற பொட்டு அளவிலும், எதற்கென்றே புரியாத அளவிலும் பத்துப் பதினைந்து கிடக்கும்.

நான் மருந்தாளுநர். பெட்டியைக் கொண்டுவந்து காட்டிக் கேட்பவர்கள் எல்லோரும் தேதியில்தான் ஆரம்பிப்பார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். முதலில் தீர்ந்தது என்ன என்று பாருங்கள், அடுத்து உறையும் பொருளும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள், அப்புறம் தேதி. அச்சடித்த தேதி, திறக்காமல் சரியான இடத்தில் வைத்திருந்த பொருளுக்கு மட்டுமே பொருந்தும். கிழிந்துபோன காஸ் உறைமேல் இன்னும் இரண்டு வருடம் பாக்கி என்று போட்டிருந்தாலும் அது பயன்படாது.

காஸிலிருந்து தொடங்குவோம். காஸ் துணி கெட்டுப்போகிற பொருள் அல்ல. அந்தத் தேதி காட்டுவது, உள்ளே கிருமி இல்லை என்று தயாரித்தவர் எதுவரை உறுதி தருகிறார் என்பதைத்தான். அந்த உறுதி முழுக்க உறையை நம்பி நிற்கிறது. காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒட்டியிருக்கும் விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். எங்காவது வாய் பிரிந்திருக்கிறதா, பெட்டிக்குள் கத்தரிக்கோல் முனை குத்தி ஊசி அளவு ஓட்டை விழுந்திருக்கிறதா, நனைந்து காய்ந்த கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் அது இனி கிருமி நீக்கிய காஸ் ஆகாது.

தேதி முடிந்து மூன்று மாதமான உங்கள் பாக்கெட்டுகளைக் காயத்தின்மேல் நேரடியாக வைக்காதீர்கள். அதற்காகக் குப்பையில் போடவும் வேண்டாம். உறைமேல் பேனாவால் பெருக்கல் குறி போட்டுத் தனியாக வையுங்கள். நல்ல காஸ் ஒன்றைக் காயத்தில் வைத்து, அதற்கு மேல் தடிமனாக அழுத்தம் கொடுக்க இவை உதவும். இன்னொன்று, ஒரே உறையில் ஐந்து பத்து காஸ் இருக்கும் பாக்கெட்டை வீட்டுக்கு வாங்காதீர்கள். ஒன்றை எடுத்துவிட்டு மீதியை மடித்து, ரப்பர் பேண்டு போட்டு வைப்பார்கள். வாய் திறந்த நொடியிலேயே மீதி எல்லாமும் சாதாரணத் துணி ஆகிவிடுகிறது. ஒவ்வொன்றும் தனி உறையில் இருப்பதையே கேட்டு வாங்குங்கள்.

பிளாஸ்திரி கெடுவது பசையில். வெப்பம் பட்டால் பசை இளகி ஓரத்தில் வழியும், பிறகு காய்ந்து பிடிப்பை இழக்கும். உறையின் ஓரம் பழுப்பேறியிருந்தால் சந்தேகப்படலாம். சந்தேகம் வந்தால் ஒன்றைப் பிரித்து முழங்கைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு வேலையைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மூலை எழும்பினால் டப்பாவையே மாற்றுங்கள். டேப் சுருளுக்கும் இதே சோதனைதான். லேடெக்ஸ் கையுறை இருந்தால் ஒன்றைப் போட்டு விரல்களை இழுத்துப் பாருங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் சட்டென்று கிழிந்தாலும் அது பழசாகிவிட்டது. நைட்ரைல் கையுறை இன்னும் அதிக காலம் தாங்கும், லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சிக்கல் இல்லை. மாற்றும்போது அதையே வாங்கிவிடுங்கள்.

அடுத்து மாத்திரை. நாலு மாத்திரை மிஞ்சிய அட்டையில் தேதி தெரிகிறதா? பெரும்பாலும் தெரியாது. பல அட்டைகளில் தேதியை ஓரிடத்தில் மட்டும்தான் அச்சடித்திருப்பார்கள், நாம் கத்தரிக்கும்போது முதலில் போவதும் அந்த ஓரமாகத்தான் இருக்கும். பெயரோ தேதியோ வீரியமோ தெரியாத அட்டையை வைத்திருக்காதீர்கள், அது எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் சரி. இனிமேல் தேதி இல்லாத முனையிலிருந்து மாத்திரை எடுப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

தேதியில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள்வரை பயன்படுத்தலாம் என்று அர்த்தம். மருத்துவப் பொருள்களில் சொல்லுக்குப் பதிலாக மணல் கடிகாரப் படம் போட்டு, பக்கத்தில் தேதி தந்திருப்பார்கள். தொழிற்சாலைக் கட்டடம் போன்ற படத்துக்குப் பக்கத்தில் இருப்பது தயாரித்த தேதி. இந்த இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டு நல்ல பொருளை எறிந்தவர்கள் உண்டு.

தேதி முடிந்த மறுநாளே மாத்திரை விஷமாகிவிடுமா என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஆகாது. அமெரிக்க ராணுவத்தின் மருந்து இருப்பைப் பரிசோதித்து 2006-ல் வெளியான ஆய்வில், 122 மருந்துகளின் 3005 தொகுதிகளைப் பார்த்தார்கள். அவற்றில் 88 சதவீதத்துக்குக் குறைந்தது ஒரு வருடமாவது தேதியை நீட்டிக்க முடிந்தது. ஆனால் அவை திறக்காத உறையில், முறையாகப் பராமரித்த கிடங்கில் இருந்தவை. அதே மருந்திலேயே தொகுதிக்குத் தொகுதி முடிவு மாறியது. கோடையில் சூடேறும் அலமாரியில் கிடந்த, ஈரக்கை பட்ட அட்டைக்கு அந்தக் கணக்கைப் போட முடியாது. வீட்டுப் பெட்டிக்கு அச்சடித்த தேதியையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் இருந்தால் தேதிக்கு முன்பே மோந்தும் பாருங்கள். ஈரம் பட்டால் அது உடைந்து அசிட்டிக் அமிலம் வெளியேறும், வினிகர் வாடை அடிக்கும். வாடை வந்தால் தேதி பாக்கி இருந்தாலும் போட்டுவிட வேண்டியதுதான். வீட்டில் குழந்தை இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் சொல்லாமல் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது.

பாதி சிரப்பில் கதை வேறு. திறந்த திரவ மருந்துக்கு இரண்டாவது தேதி ஒன்று உண்டு. மூடியைத் திறந்த அன்றிலிருந்து எத்தனை நாள் என்பது அது. சில லேபிள்களில் அதை எழுதியிருப்பார்கள். களிம்புக் குழாய்களிலும் கிரீம்களிலும் மூடி திறந்த டப்பாவின் படம் இருந்தால், அதற்குள் இருக்கும் எண் எத்தனை மாதம் என்பதைக் காட்டும். எதுவும் எழுதவில்லை என்றால், திறந்து ஆறு மாதம் ஆன சிரப்பை நான் வைத்திருக்கச் சொல்ல மாட்டேன். கண் சொட்டு மருந்துக்கு இன்னும் கறார். லேபிள் வேறு மாதிரி சொல்லாவிட்டால் திறந்த நான்கு வாரத்தில் தூக்கிப் போட வேண்டும். சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் வரும் ஒருமுறைப் பயன்பாட்டு உப்புநீரில் மீதியை வைத்திருக்கவே கூடாது. இதையெல்லாம் நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது. எனவே அழியாத மார்க்கர் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவைத்து, மூடி திறந்த அன்றே பாட்டில்மேல் தேதி எழுதுங்கள். உங்கள் பாதி சிரப்பில் அப்படி எழுதியிருக்காது என்று நினைக்கிறேன். எப்போது திறந்தது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை என்றால் கொட்டிவிடுங்கள்.

இப்போது அதற்குப் பதில் புது பாட்டில் வாங்கப் போகிறீர்கள். காலாவதியான மருந்தைவிட எனக்கு அதிகம் கவலை தருவது இந்த இடம்தான். பாரசிட்டமால் திரவம் ஒரே வீரியத்தில் வருவதில்லை. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளது இன்னொன்று. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே ஒரு மில்லியில் 100 மில்லிகிராம்கூட இருக்கும். ஆரஞ்சு வண்ணமும் குழந்தைப் படமுமாக டப்பாக்கள் ஒன்றுபோலவே இருக்கும்.

உங்கள் குழந்தைக்கே கணக்குப் போடுவோம். குழந்தைகளுக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 14 கிலோவுக்கு அது 140 முதல் 210 மில்லிகிராம். பழைய பாட்டில் 120 வகை என்றால் 7.5 மில்லி கொடுத்துப் பழகியிருப்பீர்கள். அதில் 180 மில்லிகிராம், சரியான அளவு. அவசரத்தில் வாங்கிவந்த புது பாட்டில் 250 வகையாக இருந்து, கைப்பழக்கத்தில் அதே 7.5 மில்லியை ஊற்றினால் 375 மில்லிகிராம் போகும். இரண்டு மடங்குக்கும் மேல். சொட்டு மருந்தாக இருந்தால் 750 மில்லிகிராம். காய்ச்சல் குறையவில்லை என்று இதையே இரண்டு நாள் வேளை தவறாமல் கொடுத்தால் கல்லீரலைப் பாதிக்கிற அளவுக்குப் போய்விடும், ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது.

அதனால் பழைய பாட்டிலைக் காலி செய்தாலும் லேபிளைக் கையோடு கொண்டுபோங்கள், அல்லது படம் எடுத்துக்கொண்டு அதே வீரியத்தைக் கேளுங்கள். கிடைக்காமல் வேறு வீரியம்தான் வாங்க நேர்ந்தால், குழந்தைக்கு எத்தனை மில்லி என்பதை மருந்தாளுநரிடம் கேட்டு, பாட்டில்மேலேயே எழுதி வாங்குங்கள். எடை கூடும்போது அந்த எண்ணையும் மாற்ற வேண்டும். அளவுக் குப்பியோ சிரிஞ்சோ பாட்டிலுடன் ரப்பர் பேண்டு போட்டு இருக்கட்டும், வீட்டுக் கரண்டி வேண்டாம்.

ஓ.ஆர்.எஸ் பொட்டலத்திலும் இதே கண்ணி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கான பெரிய பொட்டலமும் 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் விற்கிறார்கள். லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்கு ஆகிவிடும், வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு அது ஆபத்து. பெட்டியில் ஏதாவது ஒரு வகையை மட்டும் வைத்துக்கொண்டு, எத்தனை தண்ணீர் என்பதைப் பொட்டலத்தின்மேல் பெரிதாக எழுதுங்கள். உங்கள் இரண்டு பொட்டலங்களையும் விரலால் அழுத்திப் பாருங்கள். தூள் பொலபொலவென்று நகர வேண்டும். கட்டிபட்டிருந்தாலும் பழுப்பேறியிருந்தாலும் ஈரம் உள்ளே போயிருக்கிறது, மாற்றுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக்கூடாது என்பதால், சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்குச் சின்னப் பொட்டலம்தான் வசதி என்பது என் எண்ணம்.

அயோடின் பாட்டிலை மூடியைத் திறந்து வாயைப் பாருங்கள். பஞ்சைப் பாட்டில் வாயில் வைத்துக் கவிழ்க்கும் பழக்கம் இருந்தால் ஓரத்தில் நார் ஒட்டிக் காய்ந்திருக்கும். கிருமிநாசினிக்குள்ளும் கிருமி வளர முடியும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், ஆனால் நடந்திருக்கிறது. நிறம் வெளிறியிருந்தாலோ வாயில் அழுக்கு இருந்தாலோ மாற்றுங்கள். அடுத்ததைச் சின்ன பாட்டிலாக வாங்குங்கள். வீட்டுச் சிராய்ப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஓடும் குடிநீரில் நன்றாகக் கழுவுவதே போதும், அதனால் பெரிய பாட்டில் தீர்வதற்குள் பழசாகிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால் அதற்குப் பதில் வாங்கவே வேண்டாம். நுரைத்துக் காட்டுமே தவிர, ஆறவேண்டிய திசுவையும் சேர்த்துப் பாதிக்கும்.

இன்ஹேலருக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள், பெட்டியிலேயே உயிர் சம்பந்தப்பட்ட பொருள் அதுதான். பின்பக்கம் எண் காட்டும் ஜன்னல் இருக்கிறதா? இருந்தால் எத்தனை முறை பாக்கி என்பது தெரியும், 40-க்குக் கீழே போனால் புதியதுக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். எண் இல்லாத வகையில் தீர்ந்ததா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். குலுக்கினால் சத்தம் வரும், அழுத்தினால் புகையும் வரும், ஆனால் அது உந்துவாயு மட்டுமாக இருக்கலாம். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது பழைய வழக்கம், அதை நம்ப முடியாது. தவிர வால்வில் தண்ணீர் போய்க் கெடுக்கும். உபரியாக வைத்திருப்பது என்றால் எண் காட்டும் வகையே வேண்டும்.

அப்புறம், பல நாள் சும்மா கிடந்த இன்ஹேலரில் முதல் அழுத்தத்தில் முழு அளவு மருந்து வராது. துண்டுச்சீட்டில் சொல்லியிருக்கும் எண்ணிக்கைப்படி காற்றில் அழுத்திவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். மாதச் சரிபார்ப்பில் அதைச் செய்துபார்த்தால் வாய்ப்பகுதி அடைத்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். தேதி முடிந்திருந்தால் மாற்றுங்கள், ஆனால் புதியது கைக்கு வரும்வரை பழையதை எறியாதீர்கள். மூச்சுத்திணறும்போது வேறு எதுவுமே இல்லை என்றால் தேதி முடிந்ததையாவது பயன்படுத்திக்கொண்டு உதவிக்கு அழைக்க வேண்டும். ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி வைத்திருக்கும் வீடுகளுக்கும் இதே விதிதான். அதில் கூடுதலாக, ஜன்னல் வழியே திரவம் தெளிவாக இருக்கிறதா, நிறம் மாறியோ துகள் மிதந்தோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கத்தரிக்கோலில் துரு, தெர்மாமீட்டரில் பேட்டரி. இரண்டையும் ஒருமுறை இயக்கிப் பார்த்தால் போதும். க்ரேப் பேண்டேஜை இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்குத் திரும்ப வேண்டும், தொளதொளவென்று தொங்கினால் மாற்றுங்கள்.

மீண்டும் அடுக்கும் முன் ஒரு காகிதம் எடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு எண் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். உங்கள் வீட்டுக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்: தனி உறைக் காஸ் 6, நடுத்தர பிளாஸ்திரி 10, கையுறை 2 ஜோடி, சின்ன ஓ.ஆர்.எஸ் 4, டேப் 1, க்ரேப் பேண்டேஜ் 1, பெரியவர்களுக்கான பாரசிட்டமால் முழு அட்டை 1. பொருளை எடுப்பவர் எழுதிவைப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள், ரத்தம் வழியும்போது யாரும் பேனா தேட மாட்டார்கள். காலி உறையை எறியாமல் பெட்டிக்குள்ளேயே போடச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் அந்தக் காலி உறைகள்தான் வாங்கவேண்டியவற்றின் பட்டியல். புதிதாக வாங்கியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வையுங்கள். பெட்டி குளியலறையிலும் அடுப்புப் பக்கத்திலும் இருக்க வேண்டாம், ஈரமும் சூடும் இத்தனை வேலையையும் வீணாக்கிவிடும். குழந்தைக்கு எட்டாத, ஆனால் பெரியவர்கள் ஸ்டூல் போடாமல் எடுக்கக்கூடிய உயரம் வேண்டும்.

கழித்த மருந்தை மருந்துக்கடை திரும்ப வாங்கிக்கொள்ளும் வசதி உங்கள் ஊரில் இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் அட்டையிலிருந்து பிரித்து, மண்ணோடு கலந்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கழிவறையில் கொட்ட வேண்டாம். இன்ஹேலரின் உலோகக் குப்பியை, காலியாக இருந்தாலும், குத்தவோ எரிக்கவோ கூடாது, வெடிக்கும்.

மாதாமாதம் வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றையும் வெளியே பரப்பித் தேதி பார்ப்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். அப்போதே மிக அருகில் முடியப்போகும் தேதியை அந்தக் காகிதத்தின் தலையில் எழுதிவிட்டால், இடையில் தேதி தேடவேண்டியதில்லை. மாதம் தவறாமல் பார்க்கவேண்டியவை மூன்று: காலி உறைகள், திறந்த பாட்டில்கள், இன்ஹேலரின் எண். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அடிபட்டோ காய்ச்சல் வந்தோ பெட்டியை நிறையப் பயன்படுத்திய வாரம் என்றால் மட்டும் மாதக் கடைசிவரை காத்திருக்காமல் அன்றைக்கே நிரப்பிவிடுங்கள்.